ஸ்டால் வாடகையை எந்தத் தட்டின் தலையில் கட்டுவது?

பெங்களூரில் செப்டம்பர் பிறந்தால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேளா சீசன் தொடங்கிவிடும். விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, ராஜ்யோத்சவா, தீபாவளி என்று ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாப்பூர் சாலையிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வாராவாரம் ஏதாவது ஒன்று நடக்கும். வீட்டிலிருந்து சமைத்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதல் ஸ்டாலை இங்கேதான் போடுகின்றன. விற்கும் நேரம் மாலை 5 முதல் 10 வரை, ஐந்தே மணி நேரம். அதற்கு வாடகை ஏழாயிரம், எட்டாயிரம். கூட்டம் நன்றாக இருந்தது, மாவும் தீர்ந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் கை நட்டம் என்பது இங்கே அடிக்கடி நடக்கிற கதை. சமையலில் குறை இருக்காது. கணக்கைத் தப்பான இடத்திலிருந்து ஆரம்பித்திருப்பார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஸ்டாலை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழிப் பணியாரம் விற்கும் ஸ்டால். கணவன் மனைவி இருவர், கூலிக்கு இருவர். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், வழி மாறாது.

இரண்டு வகைச் செலவு

ஒரு தட்டு விற்றாலும் இருநூறு தட்டு விற்றாலும் மாறாத செலவை முதலில் தனியே எழுத வேண்டும். இதை நிலைச்செலவு என்று வைத்துக்கொள்வோம். வாடகை 7,000 ரூபாய். ஏற்பாட்டாளர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் அதன் மேல் 18 சதவீதம் வரும். ஆக 8,260. இந்த வரியை மறந்துவிட்டு ‘ஏழாயிரம் தானே’ என்று பேசி முடிப்பவர்கள் உண்டு. மின்சார இணைப்புக்குத் தனியாக 500, உதவியாளர் இருவருக்கு 1,800, சின்ன டெம்போ போக வர 1,800, விலைப்பலகை, குப்பைப்பை, தண்ணீர் கேன் போன்ற சில்லறைக்கு 640. கூட்டினால் 13,000 ரூபாய்.

இதில் வீட்டுக்காரர் இருவரின் உழைப்பு இன்னும் சேரவில்லை. முந்தின நாள் அரைத்ததையும் சேர்த்தால் ஆளுக்கு ஒன்றரை நாள் வேலை. இருவருக்கும் சேர்த்து 4,000 என்று வைத்தால் மொத்தம் 17,000 ஆகிறது. அந்த நாலாயிரத்தைச் செலவாக எழுதாவிட்டால், வெறும் கையோடு வீடு திரும்பிய நாளைக்கூட ‘லாபம் இல்லை, நட்டமும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது வகை, ஒவ்வொரு தட்டோடும் போகிற செலவு. ஆறு பணியாரம் வைத்த ஒரு தட்டுக்கு மாவும் தாளிப்பும் எண்ணெயும் 15 ரூபாய், இரண்டு சட்னி 8, தட்டும் கரண்டியும் டிஷ்யூவும் 5, கேஸ் 2. கருகியது, உடைந்தது, ருசி பார்க்கக் கொடுத்தது என்று ஒரு 3. ஆக 33 ரூபாய். கர்நாடகத்தில் பிளாஸ்டிக் தட்டுக்கும் கப்புக்கும் கரண்டிக்கும் 2016-லிருந்தே தடை இருப்பதால் பாக்குமட்டைத் தட்டு, மரக்கரண்டி போன்றவை தவிர வேறு வழியில்லை. அந்த 5 ரூபாயில் பெரிய மிச்சம் பிடிக்க முடியாது.

விலையிலிருந்து இந்த 33-ஐக் கழித்தால் கையில் நிற்பதைத் தட்டு மிச்சம் என்போம். 13,000 ரூபாயைத் தாங்கப்போவது இந்த மிச்சம்தான்.

மூன்று மடங்கு விதி ஏன் இங்கே கவிழ்கிறது

சமையல்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பொருள் செலவைப் போல மூன்று மடங்கு விலை வை. தினமும் பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கும் ஓட்டலுக்கு அது ஓரளவு சரிவரும். மேளாவில் அந்த விதிப்படி போனால் 33 ரூபாய்த் தட்டுக்கு 100 ரூபாய் விலை. மிச்சம் 67. அப்படியானால் 13,000-ஐ எடுக்க 195 தட்டு விற்க வேண்டும். ‘ஆயிரம் பேர் வருவார்களாம், இருநூறு தட்டு போகாதா?’ என்று தோன்றும்.

போகலாம். ஆனால் உங்களால் சுட முடியுமா என்பதுதான் கேள்வி.

5 மணிக்கு ஸ்டால் திறந்தாலும் 7 மணி வரை சாப்பிட வருபவர் குறைவு. குழந்தைகள் விளையாட்டுப் பக்கம் நிற்பார்கள், பெரியவர்கள் துணிக்கடையைச் சுற்றுவார்கள். 7 மணி தொடங்கி மேடை நிகழ்ச்சி முடியும் 9.15 வரைதான் உண்மையான வியாபாரம். அதாவது 135 நிமிடம். எட்டாயிரம் ரூபாய் வாடகை ஐந்து மணி நேரத்துக்கு அல்ல, பெரும்பாலும் இந்த இரண்டேகால் மணி நேரத்துக்குத்தான்.

பன்னிரண்டு குழிச் சட்டியில் ஒரு ஈடு எடுக்க, எண்ணெய் விட்டு ஊற்றித் திருப்பி எடுப்பது வரை 7 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு தீயைக் கூட்டினால் மேலே நிறம் வந்து உள்ளே மாவாக நிற்கும். திருப்பும்போது குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும், தட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆகவே 7 நிமிடத்தைச் சுருக்க முடியாது. 135 நிமிடத்தில் 19 ஈடு. இரண்டு சட்டி வைத்தால் 456 பணியாரம். மாவு ஊற்றும் பாத்திரம் மாற்றுவது, பிய்ந்துபோன ஈடு, கேஸ் மாற்றுவது எல்லாம் போக 400 என்று வைத்துக்கொள்வதே நியாயம். கூட்டமில்லாத மற்ற நேரங்களில் மொத்தமாக ஒரு 200 போகும்.

ஆக, அன்றைக்கு நீங்கள் விற்கக்கூடியது 600 பணியாரம், அதாவது 100 தட்டு. மிச்சம் 6,700. நிலைச்செலவுக்கே 6,300 ரூபாய் பற்றாக்குறை. கூட்டம் அலைமோதியிருக்கும், வரிசை நீண்டிருக்கும், கையை மட்டும் கடித்திருக்கும். வரிசை நீளமாக இருந்தது என்பதை லாபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஏமாற்று. அது சட்டி போதவில்லை என்பதைத்தான் சொல்கிறது.

வாடகைக்காக விலையை ஏற்றலாமா?

உடனே வரும் யோசனை இது: 100 தட்டுதான் என்றால் ஒரு தட்டுக்கு நிலைச்செலவு 130, பொருள் 33, விலை 163. நம் கூலியையும் சேர்த்தால் 203. அப்படியே பலகையில் எழுதிவிடலாமே?

எழுதலாம், வாங்க ஆள் இருக்காது. வாங்குபவருக்கு உங்கள் வாடகை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கன்னடத்தில் பட்டு என்று சொல்லும் இதே பண்டம் நின்றபடி சாப்பிடும் தெருமுனை தர்ஷினி ஓட்டலில் என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். மேளா என்பதால் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார், மூன்று மடங்கு கொடுக்க மாட்டார்.

இங்கேதான் இந்த விஷயத்தின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. வாடகை என்பது போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் எண். தட்டின் விலையை முடிவு செய்யும் எண் அல்ல. பணத்தைக் கட்டிய அந்த நிமிடமே அது போனது போனதுதான். ஒரு தட்டு விற்றாலும் திரும்பாது, விலையை இரட்டித்தாலும் அதற்காகத் திரும்பாது. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: என்னிடம் இருக்கும் குழிகளையும் நிமிடங்களையும் வைத்து மொத்த மிச்சத்தை எந்த விலை அதிகமாக்கும்? வாடகை 3,000 ஆக இருந்தாலும் 8,000 ஆக இருந்தாலும் அந்த விலை ஒன்றேதான். 3,000 ரூபாய் மேளாவில் மலிவாக விற்பதும் 8,000 ரூபாய் மேளாவில் ஏற்றி விற்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம்.

தட்டுக்கு அல்ல, குழிக்கு விலை போடுங்கள்

நம் ஸ்டாலில் தட்டுப்பாடாக இருப்பது மாவு இல்லை, கூட்டம் இல்லை, குழி. அதனால் ஒவ்வொரு குழியும் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு பணியாரம் 100 ரூபாய் என்றால் மிச்சம் 67, ஒரு குழிக்கு 11 ரூபாய் சொச்சம்.

இப்போது தட்டைச் சின்னதாக்குவோம். நாலு பணியாரம், 80 ரூபாய். செலவு மாவுக்கு 10, சட்னிக்கு 6, தட்டு கரண்டிக்கு அதே 5, கேஸ் ஒன்றரை, சேதாரம் இரண்டரை. மொத்தம் 25. மிச்சம் 55, குழிக்கு 13 ரூபாய் 75 காசு. அதே 600 பணியாரத்தில் இப்போது 150 தட்டு, மிச்சம் 8,250. ஒரு குழிகூடக் கூட்டாமல் 1,550 ரூபாய் ஏறிவிட்டது.

வாங்குபவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பாரா? மேளாவில் பெரும்பாலும் நினைக்க மாட்டார். இங்கே யாரும் ஒரே கடையில் வயிறு நிரப்ப வருவதில்லை. நாலு கடையில் நாலு விதமாகத் தின்ன வருகிறார்கள். ஆறு பணியாரம் தின்றவர் அடுத்த கடைக்குப் போக இடமில்லையே என்று கணக்குப் போடுவார். நாலு என்றால் தயங்காமல் வாங்குவார். ஆனால் மூன்றாகக் குறைத்தால் தட்டு காலியாகத் தெரியும், அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

அடுத்து, மூன்றாவது சட்டி. ஒரே ஆள் மூன்று சட்டியைச் சமாளிக்கலாம், அவர் வேறு எதையும் தொடக்கூடாது என்றால் மட்டும். தட்டு எடுத்துக் கொடுப்பதும் சட்னி ஊற்றுவதும் இன்னொருவர் வேலை. மூன்றாவது சட்டி நெரிசல் நேரத்தில் 200 பணியாரம், அதாவது 50 தட்டு கூட்டும். மிச்சம் 2,750 ரூபாய். சட்டி ஒரு முறை வாங்கினால் வருடக்கணக்கில் வரும். வாடகையில் ஐநூறு குறைக்கச் சொல்லி ஒரு வாரம் பேரம் பேசுவதைவிட இது பலன் தரும்.

மூன்று அடுப்பு என்றதும் எரிபொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் அனுமதி உண்டென்றால் வணிகச் சிலிண்டர்தான் கொண்டுபோக வேண்டும், வீட்டுச் சிலிண்டரை வைத்து விற்பது சட்டப்படி தவறு. இண்டக்‌ஷன் மட்டும்தான் என்றால் கணக்கே மாறிவிடும். 2,000 வாட் அடுப்பு ஒன்று சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் ஒன்று ஓடும், இரண்டை முழுத் தீயில் வைத்தால் டிரிப் ஆகும். 6 ஆம்பியர் பிளக் கொடுத்தால் ஒன்றுகூட ஓடாது. ‘கரண்ட் பாயிண்ட் உண்டு’ என்ற பதில் போதாது, எத்தனை ஆம்பியர் என்று கேட்க வேண்டும். உங்கள் குழிகளின் எண்ணிக்கையை அந்த பிளக்தான் தீர்மானிக்கிறது.

தீயைத் தொடாத இரண்டு பண்டம்

குழியில் வரும் வருமானத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, குழியே தேவைப்படாத பண்டம் ஒன்றிரண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டிலேயே தயாராகி, ஸ்டாலில் அரை நிமிடத்தில் கைக்குப் போகிறதாக இருக்கட்டும்.

ஜிகர்தண்டா இதற்குப் பொருத்தம். பாலைச் சுண்டக் காய்ச்சுவதும் பாதாம் பிசினை ஊறவைப்பதும் முந்தின நாளே முடிந்துவிடும். ஸ்டாலில் ஊற்றி, நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ப்பதோடு சரி. சின்னக் கப்புக்குச் செலவு 35, விலை 90, மிச்சம் 55. பணியாரத் தட்டின் மிச்சமும் இதே 55 தான், ஆனால் இதற்கு ஒரு குழிகூட வேண்டாம். இன்னொரு சாதகமும் உண்டு. பணியாரத்துக்கு தர்ஷினி விலை என்ற அளவுகோல் எல்லோர் மனசிலும் இருக்கிறது. ஜிகர்தண்டாவுக்கு பெங்களூரில் பெரும்பாலோரிடம் அப்படி ஓர் அளவுகோல் இல்லை. ஒப்பிட ஆள் இல்லாத பண்டத்தில்தான் விலைக்கு இடம் இருக்கும்.

மூன்றாவதாகச் சுண்டல், செலவு 16, விலை 50, மிச்சம் 34. அதற்கு மேல் பண்டம் வேண்டாம். நான்காவது ஐந்தாவது என்று போனால் ஒவ்வொருவரும் பலகையைப் பார்த்து யோசிக்கும் நேரம் கூடும், வரிசை அங்கேயே நிற்கும்.

மூன்று சட்டியோடு 200 தட்டுப் பணியாரம், 90 கப் ஜிகர்தண்டா, 60 சுண்டல், ஆக 350 பண்டம் என்றால் மிச்சம் முறையே 11,000, 4,950, 2,040. கூட்டினால் 17,990. நமக்குத் தேவை 17,000. காகிதத்தில் தேறிவிட்டது.

350 பேர் எங்கிருந்து வருவார்கள்?

காகிதத்தில் தேறிய இந்த இடத்தில்தான் பலர் முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. மேலே போட்டது உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு. எவ்வளவு கேட்பார்கள் என்பது வேறு.

ஏற்பாட்டாளர் ‘1,200 வீடு, மூவாயிரம் பேர்’ என்பார். எல்லோரும் இறங்கி வருவதில்லை. 1,500 பேர் வருவதாக வைத்துக்கொண்டு, ஆளுக்குச் சராசரியாக இரண்டு பண்டம் வாங்குவதாக எடுத்தால் மொத்தம் 3,000 பண்டம். இதை எத்தனை உணவு ஸ்டால்கள் பங்குபோடுகின்றன? பன்னிரண்டு என்றால் ஒரு ஸ்டாலுக்கு 250.

நம் மூன்று பண்டங்களின் சராசரி மிச்சம், 17,990-ஐ 350-ஆல் வகுத்தால் 51 ரூபாய் 40 காசு. 250 விற்றால் 12,850. நிலைச்செலவுக்கே 150 ரூபாய் குறைகிறது, இருவர் உழைப்பு முழுக்கத் தானதர்மம்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கொடுக்கத்தக்க வாடகை கிடைத்துவிடும். எதிர்பார்க்கும் மிச்சம் 12,850. அதிலிருந்து வாடகை தவிர்த்த நிலைச்செலவு 4,740 போகிறது, நம் கூலி 4,000 போகிறது. மீதி 4,110. வரியும் சேர்த்து இதற்கு மேல் இந்த மேளாவுக்குக் கொடுக்கக்கூடாது. கேட்பதோ 8,260. விலையை இப்படி அப்படித் திருகிச் சரிசெய்யக்கூடிய இடைவெளி இல்லை இது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம்.

ஆனால் உணவு ஸ்டால்கள் பன்னிரண்டு இல்லை, எட்டுதான் என்றால்? ஒரு ஸ்டாலுக்கு 375 வருகிறது. அதே வாடகையில் போகலாம். ஆகவே ஏற்பாட்டாளரிடம் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. உணவு ஸ்டால் எத்தனை, அதில் தென்னிந்தியப் பலகாரம் எத்தனை, போன வருஷம் எத்தனை, என்பதைக் கேளுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பணியாரக் கடை இருந்தால் சராசரியெல்லாம் உடைந்துவிடும். ‘உங்கள் பண்டம் உங்களுக்கு மட்டும்தான்’ என்று வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்வது ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட மேல்.

மழையும் ஒரு செலவுதான். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் இடியோடு மழை பிடித்துக்கொள்வது புதிதல்ல. 7.30-க்கு ஒரு மணி நேரம் பெய்தால் அந்த 135 நிமிடத்தில் பாதி போய்விடும். திறந்த மைதானமா, கூரை உண்டா, ரத்தானால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டு, கூரையில்லாத இடத்துக்குக் கணக்கில் வரும் எண்ணிக்கையை இன்னும் குறைத்தே போடுங்கள்.

விற்பனையில் பங்கு கேட்டால்

சில இடங்களில் வாடகைக்குப் பதில் விற்பனையில் 20 சதவீதம் கேட்பார்கள். கூப்பன் முறை வைத்து, பணம் முழுவதையும் அவர்களே வாங்கி, பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். கேட்டதும் பதறுகிறோம், ஆனால் நம் மாதிரிச் சின்னக் கடைக்கு இது பெரும்பாலும் சாதகம். 350 பண்டம் முழுக்க விற்றாலும் வசூல் 27,100, பங்கு 5,420. நிலையான 8,260-ஐவிடக் குறைவு. மழை பெய்தால் பங்கும் தானாகக் குறையும். விற்பனை 41,300-ஐத் தாண்டினால்தான் நிலை வாடகை மேலாகிறது, நம் சட்டிகளால் அந்த அளவுக்குப் போக முடியாது.

ஆனால் விலை விஷயத்தில் இது வேறு ஜாதி. நிலை வாடகை தட்டின் விலையைத் தொடக்கூடாது என்றோம். பங்கு தொடும், தொட வேண்டும். ஒவ்வொரு 80 ரூபாய்த் தட்டிலும் 16 ரூபாய் அவர்களுக்குப் போகிறது, மிச்சம் 55-லிருந்து 39-ஆக இறங்குகிறது. இது சட்னி, தட்டு போலத் தட்டோடு போகிற செலவு. இங்கே 80-ஐ 90 ஆக்குவதைப் பற்றி யோசிப்பது நியாயம்தான். கூப்பன் பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள், அடுத்த மேளாவுக்குப் பால் வாங்க அந்தப் பணம்தான் வேண்டும்.

80-ஆ, 100-ஆ?

இப்போது பலகையில் எழுதும் எண். 80 ரூபாயில் 200 தட்டு விற்று 11,000 மிச்சம் என்றோம். 100 ரூபாய் வைத்தால் தட்டு மிச்சம் 75. அதே 11,000-க்கு 147 தட்டு போதும். அதாவது 53 பேர் முகம் சுளித்துப் போனாலும் நட்டமில்லை, மாவும் மிச்சம், கையும் மிச்சம். 54-வது ஆள் போகும்போதுதான் நட்டம் தொடங்குகிறது. விலையை ஏற்றலாமா என்ற கேள்வியை எப்போதும் இப்படித் திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேரை இழக்கத் தாங்கும்?

பதில் வரிசையில் இருக்கிறது. நெரிசல் நேரத்தில் மூன்று சட்டியும் ஓடியும் பத்துப் பேருக்கு மேல் நிற்கிறார்கள், வந்தவர்கள் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்றால் 80 குறைந்த விலை. அந்தத் திரும்பிப் போனவர்களை ஏற்கெனவே இழந்துவிட்டீர்கள், காசு கூட வாங்காமல். மாறாக 7.45-க்குச் சுட்ட பணியாரம் மூடியின் அடியில் ஆறிக்கொண்டிருந்தால் விலை கூடுதல், அல்லது இடம் மூலையில். ஒரே மாலையில் பலகையை அழித்து ஏற்றி எழுத வேண்டாம். குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள், ஐந்து நிமிடம் முன்னால் வாங்கியவர் சொல்லிவிடுவார். அடுத்த மேளாவில் மாற்றுங்கள்.

விலை வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே மைதானத்தில் ஆயிரத்துச் சொச்சம் போன்கள் கூடும்போது நெட்வொர்க் திணறும். யுபிஐ வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த ஆள் நகர மாட்டார். க்யூஆர் அட்டை சட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் மொத்தக் கடையும் அவரோடு நின்றுவிடும். காசு வாங்குமிடம் வரிசையின் முதலில், தட்டு வாங்குமிடம் இரண்டு அடி தள்ளி. ரொக்கம் நீட்டுபவருக்காக இருபது ரூபாய்த் தாள் ஒரு கட்டு. 100 ரூபாய் விலைக்கு இந்தக் கட்டே தேவைப்படாது என்பது அதன் பக்கம் ஒரு சின்னக் காரணம்.

9.15-க்குப் பிறகு

கூட்டம் வடியும்போது ‘எல்லாம் பாதி விலை’ என்று கூவுகிற ஆசை வரும். வீட்டுக்குத் திரும்பப் போக முடியாததை மட்டும் குறையுங்கள். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் ஜிகர்தண்டாப் பால் நாளைக்கு ஆகாது. அதற்குப் போட்ட காசு போய்விட்டது, இனி ஆகும் செலவு கப்பும் கரண்டியும்தான். 60-க்குக் கொடுத்தாலும் வருவது லாபம். சுண்டலும் அப்படியே. பணியார மாவு அப்படியில்லை. ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பயன்படுத்தலாம், அதை விலை குறைத்து விற்பது வெறும் இழப்பு. 9.15-க்கு முன்னால் எதையும் குறைக்கக்கூடாது. குறைக்கும் கடை என்று தெரிந்தால் அடுத்த மேளாவில் காத்திருந்து வருவார்கள்.

மிச்சப்படாமல் இருக்க, வாங்கும்போதே 350-க்கு வாங்காமல் 250-க்கு வாங்குங்கள். நம் கணக்கில் அது 143 தட்டு, 64 கப், 43 சுண்டல். 143 தட்டு என்றால் 572 பணியாரம். பணியாரத்துக்கு 25 கிராம் மாவு என்றால் 14 கிலோ சொச்சம். திரும்பிப் போகக்கூடிய பொருள் என்பதால் மாவை மட்டும் 18 கிலோ வரை கொண்டுபோகலாம், பாலில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

அன்றிரவு தூங்கப்போகும் முன், அரை மணிக்கு ஒரு முறை எத்தனை தட்டு போயிருந்தது என்பதையும், எந்தப் பண்டம் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும், எத்தனை உணவு ஸ்டால் இருந்தன என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். யுபிஐ பட்டியலில் நேரம் இருக்கும், அதிலிருந்து பாதியை எடுத்துவிடலாம். ரொக்கத்துக்கு ஒருவர் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது ‘பத்தாயிரம் ஸ்டால், மூவாயிரம் பேர்’ என்று போனில் சொல்லும்போது, அந்தக் காகிதத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.